பணியாளர் பட்டியலும் சம்பளப் பட்டியலும்: பி.எஃப். மாதக் கணக்கில் எண்ணிக்கை ஏன் வேறுபடுகிறது?

வருங்கால வைப்பு நிதிக்கான மாதக் கணக்கை, அதாவது இ.சி.ஆர். கோப்பை, ஒவ்வொரு நிறுவனமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பதிவேற்றிப் பணம் செலுத்த வேண்டும். அந்த வேளையில்தான் மனிதவளப் பிரிவின் எண்ணிக்கையும் சம்பளப் பிரிவின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்ற சிக்கல் தலைதூக்குகிறது. முன்னது மாதக் கடைசி நாளில் பணியில் இருப்பவர்களின் கணக்கு. பின்னது அந்த மாதத்தில் ஒரு நாளாவது சம்பளம் பெற்றவர்களின் கணக்கு. ஆகவே இரண்டும் வேறுபடுவது இயல்பு. ஆனால் அந்த வேறுபாட்டுக்கு ஆள் ஆளாக விளக்கம் இருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஜூன் 1 அன்று 210 பேர். மாதத்தில் 6 பேர் சேர்ந்தனர், 4 பேர் விலகினர், 16ஆம் தேதி திருப்பூர் கிளையிலிருந்து ஒருவர் மாறுதலில் வந்தார். ஜூன் 30 அன்று பணியாளர் பட்டியலில் 213 பேர். சம்பளப் பட்டியலிலோ 215 பேர்: விலகிய நால்வர் வேலை செய்த நாட்களுக்காக அதில் நீடிக்கின்றனர், 26ஆம் தேதி சேர்ந்த இருவர், சம்பளக் கணக்கு 25ஆம் தேதியே முடிக்கப்பட்டதால், அதில் இல்லை. இந்த மாதம் இரண்டு பேர் மட்டும் விலகியிருந்தால் இரு பட்டியலும் ஒரே எண்ணைக் காட்டியிருக்கும். பெயர்கள் வேறாக இருந்தும் யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். எண்ணிக்கையை அல்ல, ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் உரிய தனி அடையாள எண்ணான யு.ஏ.என்.-ஐ வரிசைக்கு வரிசை ஒப்பிட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

தாமதமாகச் சேர்ந்த இருவரின் ஐந்து நாள் சம்பளம் ஜூலையில் சேர்த்துத் தரப்படலாம். அதற்காகச் சேர்ந்த தேதியை ஜூலை 1 என்று மாற்றிப் பதிவது தவறு, ஏனெனில் அவர்களுடைய பணிக்காலம் குறைகிறது. விலகியவர்களுக்கு விலகிய தேதி பதியப்படாவிட்டால் பணம் எடுப்பதும் மாற்றுவதும் தடைப்படும். கடைசிப் பங்களிப்புக்குப் பின் இரண்டு மாதம் கழிந்தால் தொழிலாளரே உறுப்பினர் இணையதளத்தில் அதைப் பதியலாம்.

அதிகக் கவனம் வேண்டியது மாறுதலில் வந்தவரிடம். இரு கிளைகளுக்கும் தனித்தனி பி.எஃப். குறியீட்டு எண் இருந்தால், அவர் ஜூனில் இரண்டு கோப்புகளிலும் வருவார். இரண்டையும் கூட்டினால் ஓர் ஆள் இருவராவார். அவருடைய பி.எஃப். சம்பளம் மாதம் 24,000 ரூபாய் என்றால் ஒவ்வொரு கிளையிலும் 12,000 வரும். 2014 செப்டம்பர் முதல் ஓய்வூதியப் பங்களிப்புக்கு உரிய சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 12,000 அதற்குள் அடங்குவதால் இரு கிளைகளும் முழுத் தொகைக்கும் 8.33 சதவீதம் கணக்கிட்டால், 1,250 ரூபாய்க்குப் பதிலாக ஏறக்குறைய 2,000 ரூபாய் ஓய்வூதிய நிதிக்குப் போய்விடும். உபரியான 750 ரூபாய் அவருடைய வைப்பு நிதிக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டியது. எனவே கோப்பைப் பதிவேற்றும் முன், ஒரே யு.ஏ.என். இரு கிளைகளிலும் வருகிறதா என்று பார்த்து, ஓய்வூதியச் சம்பளத்தைக் கிளைக்கு 7,500 ரூபாயாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.