கட்டரைத் தேர்வதற்கு முன், வளைவு ஆரம் எங்கே குறைகிறது என்று பாருங்கள்

மில்லிங் வேலைக்கு ஒருமுறை உட்குழிந்த சுவர் ஒன்று வந்தது. அதன் வடிவம் y = x³/300. x, 0 முதல் 20 வரை, எல்லாம் மில்லிமீட்டரில். குழிவின் பக்கமிருந்து கட்டர் வர வேண்டும். எவ்வளவு பெரிய கட்டர் போடலாம் என்பதுதான் கேள்வி.

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

R = (1 + y'²)^(3/2) / |y''|

வரைகோட்டின் ஒரு புள்ளியில் அதே தொடுகோட்டோடு, அதே அளவு வளைந்து ஒட்டி நிற்கும் வட்டம் ஒட்டுவட்டம். அதன் ஆரம்தான் R. கட்டரின் ஆரம் இதைவிடப் பெரியதாக இருந்தால், கட்டர் அந்தக் குழிவுக்குள் உட்காராது.

நான் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் கணக்குப் போட்டேன். x = 0-இல் y'' சுழி, கோடு அங்கே வளையவே இல்லை. x = 10-இல் R 14.1, x = 20-இல் 175. சரி, 12 மி.மீ. ஆரம் தாங்கும் என்று முடிவு செய்தேன். அது தப்பு. சுவரில் கட்டர் தோண்டிவிட்டது.

இங்கே y'' = x/50, முடிவு வரை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் சாய்வும் ஏறுகிறது: y' = x²/100. முதலில் சாய்வு சின்னது, அதனால் y'' ஏற ஏற R குறைகிறது. அப்புறம் (1 + y'²)^(3/2) வேகமாகப் பெருத்து R-ஐ மறுபடி உயர்த்திவிடுகிறது. திரும்பும் இடத்தைக் கண்டுபிடிக்க R-ஐ வகையிட்டுச் சுழிக்குச் சமன் செய்தால் y'² = 1/5 என்று வரும். அதாவது x ≈ 6.7, அங்கே R ≈ 9.8 மி.மீ. x ஏறக்குறைய 4.4 முதல் 9.1 வரை R 12-க்கும் குறைவு. என் மூன்று புள்ளிகளில் ஒன்றுகூட அதற்குள் விழவில்லை.

வெட்டுவதற்கு முன்பே இதைக் கண்டுகொள்ள வழி உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் தொடுகோட்டுக்குச் செங்குத்தாக, குழிவின் பக்கம் 12 மி.மீ. தள்ளி, கட்டர் மையத்தின் பாதையை வரைந்து பாருங்கள். R போதாத பகுதியில் பாதை கூர்முனையாகித் திரும்பி, தன்னையே வெட்டிக்கொண்டு மீன்வால் போலத் தெரியும். சில மென்பொருள்கள் அந்த வாலைத் தாமே நறுக்கிவிடும். அப்போது சுவர் தோண்டப்படாது, ஆனால் மூலையில் உலோகம் மிஞ்சி நிற்கும். அதுவும் பிழைதான்.

சமன்பாடு இல்லாமல் அளந்த புள்ளிகள் மட்டும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 0.5 மி.மீ. இடைவெளியில் அடுத்தடுத்த மூன்று புள்ளிகளைக் கொண்டு y'' கணக்கிடும்போது, ஒவ்வொரு அளவிலும் 0.01 மி.மீ. பிழை இருந்தால் y''-இல் 0.16 வரை பிழை வரலாம். இந்தச் சுவரில் x = 6.7-இல் y''-இன் மதிப்பே 0.134தான்! அதே அளவுகளை 2 மி.மீ. இடைவெளியில் எடுத்துக் கணக்கிட்டால் பிழை 0.01-க்குள் அடங்கிவிடும்.