முகவரி தெருமுனை வரை, போன் நம்பர் வாசல் வரை

கூரியர் வரவில்லை என்று கோபமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "அட்ரஸ் சரியாத்தானே போட்டிருக்கேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை, அட்ரஸ் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கூடுவாஞ்சேரி மாதிரி ஒரு இடத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அடுக்குமாடி, அதற்குப் பின்னால் மனைப்பிரிவு, அதையும் தாண்டினால் வயலும் ஏரியும் உள்ள கிராமம் என்று மூன்றும் ஒரே பின்கோடில் கிடக்கிற ஊரில், சரியான அட்ரஸ் என்பது பார்சலைத் தெருமுனை வரைக்கும்தான் கொண்டுவரும். அங்கிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது போன் நம்பர். டெலிவரி ஹப் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், திரும்பிப்போகிற பார்சல்களில் அட்ரஸ் குறையும் போன் குறையும் சேர்ந்தே இருக்கும். ஒன்று மட்டும் குறைந்தால் எப்படியோ சமாளித்துவிடுவோம்.

எப்படி என்று ஒரு பார்சலை வைத்தே பார்ப்போம். சிங்கப்பூரில் இருக்கிற மகன், கிராமத்தில் இருக்கிற அம்மாவுக்கு ஆன்லைனில் பி.பி. பார்க்கும் மெஷின் ஆர்டர் போட்டிருக்கிறார். பணம் கட்டியாகிவிட்டது. லேபிளில் இருந்தது இவ்வளவுதான்: அம்மாவின் பெயர், 2/118, பிள்ளையார் கோயில் தெரு, கூடுவாஞ்சேரி, காஞ்சிபுரம், 603202. கீழே பத்து இலக்க இந்திய மொபைல் நம்பர்.

பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் இதில் கிராமத்தின் பெயர் இல்லை. ஆர்டர் போடும் படிவத்தில் பின்கோடைத் தட்டியவுடன் ஊர், மாவட்டம் எல்லாம் தானாகவே நிரம்பிவிடும், அதனால் ஊர்ப் பெயர் வந்துவிட்டது என்று நினைத்து மகன் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். தானாக வந்தது அஞ்சலகத்தின் ஊர், அம்மா இருக்கிற ஊர் அல்ல. பின்கோடின் கடைசி மூன்று இலக்கம் காட்டுவது பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தை மட்டும்தான், அதன் கீழே எத்தனையோ கிராமங்கள் இருக்கும். (காஞ்சிபுரம் என்று வந்ததும் பழைய பதிவுதான், 2019-லேயே இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டம் ஆகிவிட்டது. அதனால் பெரிய சேதம் இல்லை, பார்சலைப் பிரிப்பது பின்கோடை வைத்துத்தான்.)

சரி, 2/118 இருக்கிறதே என்பீர்கள். ஊராட்சிகளில் கதவு எண் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், முன்னால் வார்டு, பின்னால் வீடு. இரண்டாவது வார்டு 118-ஆவது வீடு என்பது ஒரு ஊராட்சிக்கு ஒன்று. எந்த ஊராட்சி என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளையார் கோயில் தெருவும் அப்படியே, அந்தத் தெரு இல்லாத ஊரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இங்கேதான் போன் வேலை செய்திருக்க வேண்டும். டெலிவரி பையன் போன் போட்டு "அம்மா, எந்த ஊரு?" என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். லேபிளில் இருந்ததோ மகன் இந்தியாவில் இருந்தபோது வைத்திருந்த பழைய நம்பர். படிவம் வெளிநாட்டு நம்பரை ஏற்காது, பத்து இலக்கம் கேட்கும், கைக்கு வந்ததைப் போட்டுவிட்டார். அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்ற நல்லெண்ணமும் இதில் உண்டு. ப்ரீபெய்ட் சிம் 90 நாள் பயன்பாடே இல்லாமல், பேலன்ஸும் இல்லாமல் கிடந்தால் இணைப்பு போய்விடும், கொஞ்ச காலம் கழித்து அதே நம்பர் வேறு யாருக்காவது ஒதுக்கப்படும். பையன் போன் போட்டால் எடுத்தவர் யாரோ ஒருவர். "நான் எதுவும் ஆர்டர் போடலையே" என்றார். பையன் ஆப்பில் "வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்" என்ற பட்டனைத் தட்டிவிட்டான்.

அந்தத் தட்டலோடு கதை முடிந்தது. "வீட்டில் ஆள் இல்லை", "போன் எடுக்கவில்லை" என்று பதிவானால் பொதுவாக மறுபடி ஒன்றிரண்டு முறை முயல்வார்கள். மறுத்துவிட்டார் என்று பதிவானால் பல நிறுவனங்களில் அடுத்த முயற்சியே கிடையாது, நேராக அனுப்பியவருக்கே திரும்பும் வரிசைக்குப் போய்விடும். அட்ரஸைத் திருத்தச் சொல்லி வரும் எஸ்.எம்.எஸ்.ஸும் வாட்ஸ்அப்பும்கூட அந்தப் பழைய நம்பருக்கேதான் போகும். அட்ரஸில் இருக்கிற தப்பைச் சரிசெய்ய இருந்த ஒரே வழி போன், அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அம்மாவுக்கோ அப்படி ஒரு பார்சல் வந்த விஷயமே தெரியாது.

பையன் மேல் கோபம் வரலாம். அவன் தட்டியது தவறான பட்டன்தான், ராங் நம்பர் என்று போட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் வண்டியில் அன்றைக்கு 60, 70 பார்சல் இருக்கும், பல ஹப்களில் கொடுத்து முடித்த பார்சலுக்குத்தான் காசு, தேடி அலைந்ததற்குக் கிடையாது. ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று கிராமம் சுற்று என்று அவனிடம் நான் சொல்ல முடியாது.

அந்த லேபிள் எப்படி இருந்திருக்க வேண்டும்? முதல் வரியிலேயே கிராமத்தின் பெயர், ஊரைத் தாண்டி இருக்கிற குக்கிராமம் என்றால் அதன் பெயரும். அப்புறம் தெரு, கதவு எண். அம்மாவின் பெயரோடு வீட்டுப் பெரியவர் பெயரோ கணவர் பெயரோ இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கிராமத்தில் ரேஷன் கார்டில் இருக்கிற பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது, இன்னார் வீடு என்றால் டீக்கடையிலேயே கை காட்டிவிடுவார்கள். அடையாளம் சொல்லும்போது "கோயில் அருகில்" வேண்டாம். வாட்டர் டேங்க், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் மாதிரி ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கிறதைச் சொல்லுங்கள், அதற்கு எதிரிலா, பின்னாலா, எத்தனையாவது வீடு என்பதையும் சேர்த்து.

இதையெல்லாம் லேண்ட்மார்க் என்று தனியாக இருக்கும் கட்டத்தில் போட்டால் போதாது. சில விற்பனையாளர்களின் லேபிளில் அந்தக் கட்டம் அச்சாவதே இல்லை, நீளமான அட்ரஸின் வாலும் வெட்டுப்படும். எது இல்லாமல் வீட்டைக் கண்டுபிடிக்கவே முடியாதோ அது முதல் வரியில் இருக்க வேண்டும். ஆர்டர் போடும்போது மேப்பில் பின் வைக்கச் சொல்வார்களே, அதையும் கவனியுங்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஆபீஸ்தான் அதில் முதலில் விழும்.

அடுக்குமாடிக்கு வருவோம். அங்கே தெரு தெரியும், கட்டடம் தெரியும், பார்சல் கேட்டில் நின்றுவிடும். 304 என்று மட்டும் போட்டிருப்பார்கள், பிளாக் ஏ-யிலும் ஒரு 304, சி-யிலும் ஒரு 304. முதலில் கட்டிய பிளாக்குகளுக்கு ஒரு சாலையில் கேட், அடுத்துக் கட்டிய பிளாக்குகளுக்குப் பின் சாலையில் கேட் என்று இருந்தால் பையன் தவறான கேட்டில் நின்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருப்பான். மனைப்பிரிவில் கட்டிய சின்ன அபார்ட்மென்ட் என்றால் மனை எண் ஒன்று, கதவு எண் ஒன்று, அதற்குள் ஜி1, எஃப்2, எஸ்1 என்று வீட்டு எண் ஒன்று. எது எது என்று பெயர் சொல்லி எழுதாமல் வெறும் எண்களாகக் கமா போட்டு அடுக்கினால் எங்களுக்குப் புரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் வாடகைக்கு இருப்பவர்களுக்கு. செக்யூரிட்டி ஆப்பில் "கூரியர் வந்திருக்கு, உள்ளே விடலாமா" என்று கேட்டால், அந்தக் கேள்வி பெங்களூரில் இருக்கிற வீட்டு ஓனரின் போனுக்குப் போகிறது, ஏனென்றால் குடிவந்த பிறகு நம்பரை யாரும் மாற்றவில்லை. பையன் கேட்டில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவான், பதிவு "வீட்டில் ஆள் இல்லை" என்றுதான் இருக்கும். நீங்கள் வீட்டிலேயே இருந்திருப்பீர்கள், போன் மணி அடித்திருக்காது. இப்படி ஒரு பதிவைப் பார்த்தால் முதலில் அசோசியேஷன் ஆபீஸில் உங்கள் வீட்டுக்கு எந்த நம்பர் இருக்கிறது என்று கேளுங்கள்.

போன் நம்பரைப் பற்றி இன்னும் ஒன்று. நிறைய பார்சல்களில் இப்போது உங்கள் நம்பர் லேபிளிலும் இருக்காது, பையனுக்கும் தெரியாது. ஆப்பில் இருக்கிற பட்டனைத் தட்டுவான், இடையில் ஒரு பொது நம்பர் வழியாக உங்களுக்கு அழைப்பு வரும். தனியுரிமைக்கு நல்லதுதான். ஆனால் தெரியாத நம்பர் என்று நீங்கள் எடுக்காமல் விட்டு, அப்புறம் திருப்பிக் கூப்பிட்டால் பல நேரம் அவனுக்குப் போகாது. அதனால் "டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது" என்று செய்தி வருகிற அன்று மட்டுமாவது தெரியாத அழைப்பை எடுங்கள். அழைப்பை எடுக்கப்போகிறவர் யாரோ அவருடைய நம்பரைத்தான் படிவத்தில் கொடுக்க வேண்டும், பணம் கட்டுகிறவருடையதை அல்ல. அம்மா தனியாக இருந்தால் பக்கத்து வீட்டு நம்பரை மாற்று நம்பராகக் கொடுக்கலாம். அதை அட்ரஸ் வரியிலேயே எழுதினால் அச்சாகிவிடும், எங்களுக்கு வசதி. ஆனால் லேபிளைப் பார்க்கிற எல்லோர் கண்ணிலும் படும், பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தெரியாத அழைப்பை எடுங்கள் என்று சொன்ன கையோடு இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த அட்ரஸ் குழப்பத்தை வைத்தே மோசடி நடக்கிறது. "அட்ரஸ் முழுமையாக இல்லை, இத்தனை மணி நேரத்துக்குள் லிங்க்கில் போய்ச் சரிசெய்யுங்கள்" என்று அஞ்சல் துறை பெயரில் வரும் செய்தி போலி என்று அரசுத் தரப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள். *401* என்று தொடங்கி ஒரு நம்பரைத் தட்டச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள், அது உங்களுக்கு வருகிற அழைப்புகளை அவர்களுக்குத் திருப்பிவிடும் வேலை. உண்மையான டெலிவரி பையன் கேட்பது ஊர், தெரு, வீடு, இருக்கிறீர்களா என்பதுதான். டெலிவரி ஓ.டி.பி. கேட்டால் பார்சல் கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள், எதற்கான ஓ.டி.பி. என்று செய்தியைப் படித்துவிட்டு.

2025-ல் அஞ்சல் துறை டிஜிபின் என்று பத்து எழுத்து கோடு ஒன்றைக் கொண்டுவந்தது, ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரம் வரைக்கும் இடத்தைக் காட்டும். தெருப் பெயரே இல்லாத கிராமத்துக்கு நல்ல யோசனை. ஆனால் எங்கள் பையன்களின் ஆப்பில் அதைப் போட்டுத் தேட இடமில்லை, மாடி வீடுகளில் எந்த மாடி என்பதையும் அது சொல்லாது. இப்போதைக்கு வாட்டர் டேங்கே கதி.

கடைசியாக, நீங்கள் மறுக்காத பார்சலுக்கு "மறுத்துவிட்டார்" என்று ட்ராக்கிங்கில் காட்டினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்று மாலை பையன் திரும்பி வந்து கணக்குக் கொடுக்கும்வரை பார்சல் பெரும்பாலும் அவனிடமோ உள்ளூர் ஹப்பிலோதான் இருக்கும், அதற்குள் விற்பனையாளரிடமோ கூரியரின் கஸ்டமர் கேரிலோ புகார் போட்டு, சரியான நம்பரையும் கிராமத்தின் பெயரையும் கொடுத்தால் மறுபடி அனுப்ப வாய்ப்புண்டு. திரும்புகிற வண்டியில் ஏற்றி ஸ்கேன் செய்துவிட்டால் நாங்களே நினைத்தாலும் இறக்க முடியாது. அதே பொருளை அதே அட்ரஸுக்கு மறுபடி ஆர்டர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பார்சலும் அதே பிள்ளையார் கோயில் தெருவைத் தேடித்தான் வரும்.