சப்டைட்டில் ஏன் பேச்சோட சேர மாட்டேங்குது, எவ்வளவு விலகியிருக்குன்னு எப்படி அளக்கறது

படத்துல ஆள் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவர் சொல்லப்போறது கீழ எழுத்தா வந்து நிக்கும், இல்லன்னா அவர் பேசி முடிச்சு எழுந்து போனப்புறம் சாவகாசமா வரும். உடனே நாம பண்றது டிலே பட்டனை அமுக்கி அந்த சீனுக்கு சரி பண்றது, சரியாவும் ஆயிடும், ஆனா இருபது நிமிஷம் கழிச்சு பாத்தா மறுபடி விலகியிருக்கும். ஏன்னா விலகல்ல ரெண்டு வகை இருக்கு. அஞ்சு நிமிஷம் தள்ளி வச்ச கடிகாரம் நாள் பூரா அதே அஞ்சு நிமிஷம்தான் தப்பா காட்டும், வேகமா ஓடுற கடிகாரம் நேரம் ஆக ஆக இன்னும் இன்னும் முன்னாடி போயிட்டே இருக்கும். டிலே பட்டன் முதல் வகைக்கு மட்டும்தான் மருந்து.

முதல்ல சப்டைட்டில் ஃபைல் உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம். அதிகமா புழங்கற எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேட்ல திறந்தா இப்படித்தான் இருக்கும்:

```
14
00:02:10,000 --> 00:02:12,300
யார் அங்க?
```

வரிசை நம்பர், வரி எப்ப வரணும், எப்ப போகணும், என்ன எழுத்து, அவ்வளவுதான். வீடியோவுல யாரு எப்ப பேசறாங்கன்னு இந்த ஃபைலுக்கு எதுவுமே தெரியாது, பிளேயரும் குரலைக் கேட்டு வரியைப் போடறது இல்ல, படம் ஆரம்பிச்சதுல இருந்து ஓடுற நேரம் 2:10 ஆச்சா, போடு. அதனால இந்த நேரங்களைக் குறிச்சவர் கையில இருந்த பிரதியும் நம்ம கையில இருக்கற பிரதியும் ஒண்ணா இருக்கற வரைக்கும்தான் எல்லாம் பொருந்தும்.

பிரதி எப்படி மாறும்னா, சாதாரணமா முன்னாடி கம்பெனி லோகோ ஒண்ணு கூடுதலா இருக்கும், இல்ல இருக்காது. அப்போ எல்லா வரியும் ஒரே அளவு தள்ளிப்போகும். இதுல பெருசா யோசிக்க எதுவும் இல்ல.

ஆட்டிப்படைக்கறது வேகம்தான். சினிமா செகண்டுக்கு 24 ஃபிரேம்ல எடுக்கறாங்க. ஐரோப்பா மாதிரி 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இருக்கற இடங்கள்ல டிவி 25 ஃபிரேம்னு அமைஞ்சுது, அங்க படத்தைப் போட சுலபமான வழி என்னன்னா 24-ஐ அப்படியே 25-ஆ வேகமா ஓட்டிடறது, படம் நாலு சதவீதம் சீக்கிரம் முடிஞ்சுடும், குரல்கூட சுருதியில கொஞ்சம் ஏறும், கவனிச்சாத்தான் தெரியும். அமெரிக்காவுல வேற கதை, 1953-ல கலர் டிவி வந்தப்போ கலர் சிக்னல் ஒலி சிக்னலோட இடிக்காம இருக்க 30 ஃபிரேமை 29.97 ஆக்கினாங்க, அந்தக் கணக்கோட ஒத்துப்போக சினிமாவோட 24-உம் 23.976 ஆச்சு. இன்னைக்கு நாம பாக்கற நிறைய வீடியோ ஃபைல் இந்த 23.976-லதான் இருக்கு. 25 ஃபிரேம் டிவிடியைப் பாத்து நேரம் குறிச்ச சப்டைட்டிலை இதுல போட்டா, பத்தாவது நிமிஷம் பேசற வசனத்துக்கு எழுத்து சுமாரா 25 செகண்ட் முன்னாடியே வந்துடும், நூறாவது நிமிஷத்துல நாலு நிமிஷத்துக்கு மேல முன்னாடி வரும்.

உங்க வீடியோ எந்த வேகம்னு பாக்க, கம்ப்யூட்டர்ல எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ மென்பொருள் போட்டிருந்தா இந்தக் கட்டளை போதும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate -of default=nw=1 film.mkv
```

`24000/1001`-ன்னு வந்தா அது 23.976, `25/1`-ன்னா 25. ஆனா இது பாதி விடைதான், எஸ்ஆர்டி ஃபைல்ல அது எந்த வேகத்துக்கு எழுதினதுன்னு எங்கயும் குறிச்சிருக்காது. அதை நாமளே அளந்துதான் கண்டுபிடிக்கணும்.

அளக்க ரெண்டு வரி போதும், படத்தோட ஆரம்பத்துல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. கொஞ்ச நேரம் அமைதியா இருந்து சட்டுனு பேசற சின்ன வசனமா எடுங்க, வரி தோன்றற நேரத்தை மட்டும் பாருங்க. மறையற நேரத்தைப் பாக்கக் கூடாது, படிக்க அவகாசம் வேணும்னு பேச்சு முடிஞ்சப்புறமும் வரியைக் கொஞ்சம் நிக்க வைப்பாங்க, அது தப்பு இல்ல.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். முதல் வரி ஃபைல்ல 2:10, அதாவது 130 செகண்ட், குரல் நிஜமா வர்றது 2:21, அதாவது 141. கடைசி வரி ஃபைல்ல 1:35:00, 5700 செகண்ட், குரல் வர்றது 1:39:08, 5948. ஆரம்பத்துல 11 செகண்ட் வித்தியாசம், கடைசியில 248. ரெண்டும் ஒண்ணா இருந்திருந்தா வெறும் தள்ளல்னு சொல்லி டிலேயோட முடிச்சிருக்கலாம், இங்க வேகம் மாறியிருக்கு. குரல் இடைவெளியை ஃபைல் இடைவெளியால வகுங்க: 5807 / 5570 = 1.0425. 25-ஐ 23.976-ஆல வகுத்தா 1.0427, 25-ஐ 24-ஆல வகுத்தா 1.0417, நம்ம விடை முதல்ல சொன்னதுக்குத்தான் பக்கம். ஏன் வரிகள் தூரமா இருக்கணும்னா இதுக்குத்தான், பிளேயர்ல நேரம் பாக்கறப்போ ஒரு செகண்ட் தவறத்தான் செய்யும், அஞ்சு நிமிஷ இடைவெளியில அந்த ஒரு செகண்டே 0.003 தப்பைக் கொண்டு வந்துடும், 24-ஆ 23.976-ஆன்னு பிரிக்கவே முடியாது. ஒன்றரை மணி நேர இடைவெளியில அது ஒண்ணும் பண்ணாது.

இப்போ சப்டைட்டில் எடிட் மாதிரி ஒரு மென்பொருள்ல `Change frame rate`-க்குப் போய் 25-ல இருந்து 23.976-ன்னு கொடுத்தா 130 செகண்ட் 135.5 ஆயிடும். குரல் 141, அப்போ இன்னும் அஞ்சரை செகண்ட் பாக்கி, அது லோகோ சமாச்சாரம், எல்லா வரியையும் அந்த அளவு தள்ளிவிட்டா முடிஞ்சுது. வேகத்தை முதல்ல சரி பண்ணிட்டு அப்புறம்தான் தள்ளணும், மாத்திப் பண்ணினா நீங்க தள்ளின அளவும் சேர்ந்து பெருகிடும்.

சின்னச் சின்ன தள்ளல் எவ்வளவுன்னு பாக்க விண்டோஸ் விஎல்சியில H அமுக்கினா எழுத்து 50 மில்லிசெகண்ட் தாமதமாகும், G அமுக்கினா அதே அளவு முன்னாடி வரும், இப்போ மொத்தம் எவ்வளவு தள்ளியிருக்குன்னு திரையிலயே காட்டும். அதே எண்ணை `Tools > Track Synchronization`-லயும் பாக்கலாம். அதைத் தொடறதுக்கு முன்னாடி பேசறவங்க உதட்டைக் கொஞ்சம் கவனிங்க, உதடும் குரலுமே சேரலன்னா கோளாறு ஒலியில, பெரும்பாலும் புளூடூத் ஹெட்ஃபோன், சப்டைட்டிலை நகர்த்தி பிரயோஜனம் இல்ல.

ரெண்டு புள்ளி அளந்ததும் நடுவுல மூணாவதா ஒண்ணு சோதிக்காம விடக்கூடாது. மேல சொன்ன உதாரணத்துல ஃபைல்ல 50:00-ன்னு இருந்த வரி 52:13 பக்கத்துல குரலோட சேரணும். அங்க பத்து செகண்ட் விலகி நின்னா வேகம் காரணமே இல்ல, ஏதோ ஒரு இடத்துல சீன் வெட்டியிருக்காங்க இல்ல சேர்த்திருக்காங்க, நம்ம வகுத்தல் ரெண்டு முனையை மட்டும் இழுத்துப் பொருத்தியிருக்குன்னு அர்த்தம். அதுவரைக்கும் சேர்ந்து வந்த எழுத்து எந்த வரியில திடீர்னு தாண்டுதுன்னு தேடிப் பிடிச்சு, அந்த வரியில இருந்து கீழ இருக்கறதை மட்டும் தள்ளணும், ரெண்டு மூணு இடத்துல வெட்டு இருந்தா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா.