121 டிகிரி, மூணு நிமிஷம்: டின்னுக்கும் பாலுக்கும் பின்னாடி இருக்கிற கணக்கு

1919-ல அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் கேன்டன் ஊர்ல ஒரு விருந்துல ஆலிவ் காய் சாப்பிட்டு ஏழு பேர் செத்துப் போனாங்க, காரணம் பாட்டுலிசம், அதாவது க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்ங்கிற பாக்டீரியா உண்டாக்குற நஞ்சு. கலிஃபோர்னியாவுல அடைச்ச ஆலிவ் அது. இதே மாதிரி வேற ஊர்லயும் நடக்க, டின் கம்பெனிகள் பயந்து போய் ஆராய்ச்சிக்குக் காசு போட்டாங்க. அப்படித்தான் எஸ்டி, மேயர்ங்கிற ரெண்டு பேர் இந்த பாக்டீரியாவோட ஸ்போர், அதாவது சூட்டைத் தாங்குறதுக்காக அது கெட்டியான ஓட்டுக்குள்ள தூங்குற வடிவம், எவ்வளவு சூட்டுல எவ்வளவு நேரத்துல சாகுதுன்னு அளந்து 1922-ல வெளியிட்டாங்க. இன்னைக்கும் டின் மீன், டின் சூப் எல்லாத்துக்கும் அடிப்படை அந்த அளவுதான், நடுவுல கொஞ்சம் திருத்தினாங்க அவ்வளவுதான்.

முதல்ல ஒரு விஷயம் புரியணும். சூடு பண்ணா கிருமி எல்லாம் ஒரே நேரத்துல பொத்துன்னு சாகாது. ஒரு குறிப்பிட்ட சூட்டுல, ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள்ள பத்துல ஒன்பது பங்கு சாகும், அடுத்த அதே நேரத்துல மிச்சத்துல பத்துல ஒன்பது பங்கு, இப்படியே போகும். அந்த நேரத்துக்குப் பேர்தான் டி-வேல்யூ. பாட்டுலினம் ஸ்போருக்கு 121 டிகிரி செல்சியஸ்ல டி சுமார் 0.21 நிமிஷம், அதாவது பன்னெண்டு பதிமூணு செகண்ட். பத்து லட்சம் ஸ்போர் இருந்தா முதல் டி முடியும்போது ஒரு லட்சம், அப்புறம் பத்தாயிரம், அப்புறம் ஆயிரம். ஆறாவது டி முடியும்போது ஒண்ணு. ஏழாவதுல? 0.1 ஸ்போர்னு வரும், அதுக்கு அர்த்தம் இப்படிப் பத்து டின் போட்டா ஒண்ணுல ஒரு ஸ்போர் பிழைச்சிருக்கலாம்னு. எவ்வளவு நேரம் வேகவச்சாலும் கணக்குல சைபர் மட்டும் வரவே வராது, வாய்ப்பு குறைஞ்சுகிட்டே போகும். அதனாலதான் ஆரம்பத்துல எவ்வளவு கிருமி இருக்குங்கிறதும் முக்கியம், அழுக்கான சரக்கை உள்ள விட்டா அதே சமையல் பத்தாமப் போகும்.

அப்போ எங்க நிறுத்துறது? பன்னெண்டு டி போதும்னு வச்சாங்க. டின்னுக்கு ஒரு ஸ்போர்னு இருந்தா லட்சம் கோடி டின்ல ஒண்ணுலதான் அது தப்பிக்கும். 12 × 0.21, சுமார் 2.5 நிமிஷம், சௌகரியத்துக்கு மூணு நிமிஷம்னு எடுத்துக்குவாங்க. நடைமுறையில கம்பெனிகள் இதுக்கும் மேலதான் போவாங்க, ஏன்னா சாப்பாட்டைக் கெடுக்கிற சில ஸ்போர்கள் பாட்டுலினத்தை விட ரொம்பக் கெட்டி, அதுங்களால ஆள் சாகாது, ஆனா டின் போன மாதிரிதான். இன்னொண்ணு, இந்த பன்னெண்டு டி புளிப்பு இல்லாத சாப்பாட்டுக்குத்தான், pH 4.6-க்கு மேல இருக்கிறதுக்கு. நல்லா புளிப்பான சரக்குல இந்த பாக்டீரியா வளராது, அதுக்குக் கொதிக்கிற தண்ணி சூடே போதும்.

சரி, 121-க்குப் பதிலா 100 டிகிரியில வச்சா? இங்கதான் ரெண்டாவது எண் வருது, இசட்-வேல்யூ. டி பத்துல ஒரு பங்கா ஆகணும்னா எத்தனை டிகிரி ஏத்தணும்ங்கிறதுதான் இசட். பாட்டுலினத்துக்கு அது 10 டிகிரி. 121-ல 2.5 நிமிஷம், 111-ல 25 நிமிஷம், 101-ல 250 நிமிஷம், 100-ல அஞ்சு மணி நேரத்துக்கு மேல. எஸ்டியும் மேயரும் 100 டிகிரியில அளந்ததும் 330 நிமிஷம்தான், கணக்கு அழகா ஒத்துப் போகுது பாருங்க. சும்மா பாத்திரத்துல கொதிக்க வச்சு பீன்ஸ், மீன் எல்லாம் பாட்டில்ல அடைக்கிறவங்க பண்ற தப்பு எதுன்னு இதுல இருந்தே தெரியும், அரை மணி நேரம் தளதளன்னு கொதிச்சாலும் பன்னெண்டு டி-ல ஒண்ணேகால் டி கூடத் தேறாது.

ஃபேக்டரியில ரிடார்ட்னு சொல்ற பெரிய பிரஷர் டேங்க்ல டின்னை அடுக்கி நீராவி விடுவாங்க. ஆனா ரிடார்ட் மீட்டர்ல 121 காட்டுறது டின்னோட நடுவுல 121 இல்ல. கெட்டியான சரக்குன்னா சூடு மெதுவா ஊறித்தான் உள்ள போகும், நடு மையம் கடைசியாத்தான் சூடாகும். சூப் மாதிரி தண்ணியா இருந்தா உள்ளயே சுத்தி வரும், அதுல கடைசியா சூடாகுற இடம் நடுவுக்குக் கீழ இருக்கும். அந்த இடத்துல ஒரு தெர்மோகப்பிள் குத்தி நிமிஷத்துக்கு நிமிஷம் சூட்டைக் குறிச்சு, ஒவ்வொரு நிமிஷமும் 121-ல எத்தனை நிமிஷத்துக்குச் சமம்னு மாத்திக் கூட்டுவாங்க. உதாரணத்துக்கு நடுவுல 101-ல பத்து நிமிஷம் இருந்தா அது 0.1 நிமிஷத்துக்குத்தான் சமம். 111-ல அஞ்சு நிமிஷம் 0.5. 116-ல நாலு நிமிஷம் 1.26. 118-ல ரெண்டு நிமிஷம் 1.0. மொத்தம் 2.86. அந்த டின்னோட நடு 121-ஐத் தொடவே இல்ல, ஆனாலும் பன்னெண்டு டி தாண்டிருச்சு. அதே சமயம் மாவை கொஞ்சம் கூடக் கலந்து குழம்பு கெட்டியாயிட்டா, இல்ல டின்னைத் தலை தட்ட நிரப்பிட்டா, நடு சூடாக லேட் ஆகும், கடிகாரமும் ரிடார்ட் மீட்டரும் எல்லாம் சரின்னு சொல்லும், உள்ள 2.86-க்குப் பதிலா ஒண்ணுதான் ஆகியிருக்கும்.

பாலுக்கு வந்தா ஆளே வேற. ஸ்போரைக் கொல்றது பாஸ்டரைசேஷனோட வேலையே இல்ல, காய்ச்சல் உண்டாக்குற சாதாரண பாக்டீரியாக்களைக் கொல்றதுதான், அதனாலதான் அந்தப் பாலை ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். ரெண்டு முறை இருக்கு, 63 டிகிரியில 30 நிமிஷம், இல்ல 72-ல 15 செகண்ட். இதுல இருந்தே இசட்டைக் கண்டுபிடிச்சிரலாம், 9 டிகிரி ஏறினதுல நேரம் 120 மடங்கு குறையுது, அப்போ இசட் சுமார் 4.3 டிகிரி. சூட்டையும் நேரத்தையும் வச்சு கோடு வரைஞ்சா அது ரொம்ப செங்குத்து. கொஞ்சம் சூடு ஏறினாலே பெரிய லாபம், கொஞ்சம் இறங்கினாலே பெரிய நஷ்டம். பழைய விதி 143 ஃபாரன்ஹீட், கிட்டத்தட்ட 61.7 செல்சியஸ். 1950-கள்ல கலிஃபோர்னியாவுல க்யூ காய்ச்சல் கிருமியான காக்ஸியெல்லா அதுல பிழைக்குதுன்னு தெரிஞ்சதும் 145-க்கு ஏத்தினாங்க. செல்சியஸ்ல 1.1 டிகிரிதான், ஆனா இந்த இசட்டை வச்சுப் பாத்தா அதே 30 நிமிஷத்துல கொல்ற வேகம் 1.8 மடங்கு கூடுது.

72-ல 15 செகண்ட்ங்கிறது காக்ஸியெல்லாவை குறைஞ்சது அஞ்சு டி குறைக்கணும்னு வச்சது, அப்போ ஒரு டி சுமார் 3 செகண்ட். இப்போ நீராவி குறைஞ்சு பால் 68-லயே ஓடுதுன்னு வச்சுக்கங்க. 4 டிகிரிக்கு வேகம் எட்டரை மடங்கு குறையும், 15 செகண்ட் ரெண்டு செகண்டுக்கும் குறைவா ஆயிரும், ஒரு டி கூட முழுசா கிடைக்காது. டின்னுல இதே 4 டிகிரி இறங்கினா வேகம் ரெண்டரை மடங்குதான் குறையும். அதனாலதான் பால் ப்ளான்ட்ல பால் சூட்டோட ஓடுற ஹோல்டிங் ட்யூப்போட கடைசியில ஒரு சென்சாரும் வால்வும் இருக்கும், சூடு குறைஞ்ச உடனே வால்வு திரும்பி பாலை ஆரம்ப டேங்குக்கே அனுப்பிரும், ஆள் பாத்து முடிவு பண்ற வேலையே கிடையாது. ட்யூப் நீளத்தையும் சராசரி வேகத்தை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, நடுவுல வேகமா ஓடுற பாலுக்கும் 15 செகண்ட் கிடைக்கணும்.

வால்வே சரியா மூடலன்னா? அதுக்கு பாஸ்பட்டேஸ் டெஸ்ட். பச்சைப்பால்ல இயல்பாவே இருக்கிற ஒரு என்சைம் அது, கிருமிகளை விடக் கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும். சூடு பண்ண பால்ல அது இல்லன்னா கிருமியும் இல்லன்னு நம்பலாம். ஆயிரத்துல ஒரு பங்கு பச்சைப்பால் கசிஞ்சு கலந்தாலும் டெஸ்ட்ல நிறம் காட்டிக் குடுத்துரும், அந்த பேட்ச் ப்ளான்ட்டை விட்டு வெளிய போகாது.