செப்புவ துடையேனா, செப்புவது உடையேனா?

தமிழாசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் பேசும் பகுதியை வகுப்புக்காகத் தட்டச்சு செய்கிறேன். ஒரு புத்தகத்தில் 'தேரா மன்னா செப்புவ துடையேன்' என்றிருக்கிறது. இன்னொன்றில் 'செப்புவது உடையேன்'. எது சரி? வரி எண்களும் பத்தி பிரிப்பும்கூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை."

இரண்டும் சரிதான். முதலாவது சீர் பிரித்தது, இரண்டாவது சொல் பிரித்தது. சீர் ஓசைக்கான அலகு, சொல் பொருளுக்கான அலகு. இவை இரண்டும் ஒரே இடத்தில் முடிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குழப்பம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

ஏட்டுச்சுவடியில் இந்தப் பகுதி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வரி உடைப்பு கிடையாது, சொல்லுக்கு நடுவே இடைவெளி கிடையாது, பெரும்பாலும் புள்ளிகூடக் கிடையாது. ஓலையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். புள்ளியை மட்டும் நாம் போட்டுக்கொண்டால் இப்படி:

தேராமன்னாசெப்புவதுடையேனெள்ளறுசிறப்பினிமையவர்வியப்பப்புள்ளுறுபுன்கண்டீர்த்தோனன்றியும்...

இதில் வரி எங்கே முடிகிறது? அசை, சீர் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். இது ஆசிரியப்பா, ஆகவே அடிக்கு நான்கு சீர், பெரும்பாலும் ஈரசைச் சீர். நான்கு நான்காக எண்ணிக்கொண்டு போகலாம். ஆனால் ஓரிடத்தில் எண்ணிக்கை தவறினால் அதற்குப் பின் வரும் எல்லா வரியும் தவறும். அதைக் காப்பது எதுகை. முதல் எழுத்து அளவில் ஒத்து (குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில்), இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் சொற்களைத் தேடுங்கள். எள்ளறு – புள்ளுறு. அரும்பெறல் – பெரும்பெயர். ஏசா – மாசாத்து. வாழ்தல் – சூழ்கழல். இவை ஒவ்வொன்றும் ஓர் அடியின் தொடக்கம். 'வாயில்', 'ஆவின்' என்ற இணையில் இரண்டாம் எழுத்தின் உயிர் மட்டும் ஒன்றுகிறது, அதுவும் போதும். 'தேரா மன்னா' காதையின் 50ஆம் வரி; அதற்குப் பின் 51 முதல் 60 வரை பத்து அடிகளும் ஐந்து இணைகளாக வந்து நிற்கின்றன.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதே பகுதியில் 54ஆம் வரி இருக்கிறது: "ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுடத் தான்தன்". எண்ணிப் பாருங்கள், ஐந்து சீர். 'தான்தன்' என்பதை அடுத்த வரிக்குத் தள்ளிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். தள்ளினால் அந்த வரி "தான்தன் அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்" என்று ஐந்து சீராகும்; அதோடு, 'பெரும்பெயர்' என்பதற்கு மேலே நின்ற 'அரும்பெறல்' வரியின் நடுவுக்குப் போய்விடும், எதுகை கெட்டுவிடும். ஆகவே கூடுதல் சீர் 54இலேயே இருக்க வேண்டும். எண்ணிக்கையும் எதுகையும் முரண்பட்டால் நான் எதுகையின் பக்கம்.

இன்னொரு சிறு துப்பும் உண்டு. "வியப்பப்" என்று இரண்டாம் வரி முடிகிறதே, அந்தக் கடைசி 'ப்' எதற்கு? அடுத்த வரி 'புள்ளுறு' என்று பகரத்தில் தொடங்குவதால் மிகுந்த ஒற்று அது. 'துரப்பச்' என்பதன் 'ச்' அடுத்த வரியின் 'சூழ்கழல்' தந்தது. வரிகளைப் பிரித்து அச்சிடும்போது இந்த ஒற்றைத் தேவையற்றது என்று நீக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வரிசை மாறியிருக்கிறதா என்று சோதிக்க உதவும் சாட்சியை அவர்களே அழித்துவிடுகிறார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: 'துடையேன்' என்பதில் உள்ள அந்த 'து'.

செப்புவது என்ற சொல் குற்றியலுகரத்தில் முடிகிறது. அடுத்து உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் அந்த உகரம் மறைந்து, மிஞ்சும் 'த்' வந்த உயிரோடு கூடிவிடும். செப்புவத் + உடையேன் = செப்புவதுடையேன். பார்வைக்கு எதுவுமே நடக்காதது போல் இருக்கிறது. 'து' முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. ஆனால் அது பழைய 'து' இல்லை. செப்புவது கொண்டுவந்த உகரம் போய்விட்டது. இப்போது அங்கே ஒலிப்பது 'உடையேன்' கொண்டுவந்த உகரம். ஓர் எழுத்து, மெய் ஒரு சொல்லுக்கும் உயிர் இன்னொரு சொல்லுக்கும் உரியது. சொல் எல்லை அந்த எழுத்துக்கு உள்ளேயே ஓடுகிறது.

ஆகவே 'செப்புவது உடையேன்' என்று பிரிக்கும்போது நாம் இடைவெளி மட்டும் சேர்க்கவில்லை, மறைந்த ஓர் உகரத்தையும் திரும்பக் கொண்டுவருகிறோம். ஓர் அசை கூடுகிறது. 'செப்புவ' நேர் நிரை, கூவிளம். அடுத்து வரும் 'துடையேன்' நிரை நேர், புளிமா. விளத்தின் முன் நிரை வந்தால் நிரையொன்றாசிரியத்தளை; ஆசிரியப்பாவுக்கு உரிய நடை. பிரித்தபின் 'செப்புவது' நேர் நிரை நேர், கூவிளங்காய். காயின் முன் நிரை, கலித்தளை. சத்தமாகப் படித்தால் காதுக்கே தெரியும், அந்த இடத்தில் வரி ஒரு கணம் தடுக்கும்.

இந்த விதியைச் சொல்லும் நன்னூல் நூற்பா இப்படித் தொடங்குகிறது: "உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்". மெய்விட்டு + ஓடும். உகரம் ஓடிவிடும் என்று சொல்லும் வரியிலேயே ஓர் உகரம் ஓடியிருக்கிறது! பவணந்தியார் வேண்டுமென்றே செய்தாரா, யாப்பு செய்ததா தெரியாது. நான் முதலாவதையே நம்ப விரும்புகிறேன்.

பிரிப்பது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரித்த சொற்களைப் புணர்ச்சி விதிப்படி மறுபடி சேர்த்துப் பார்க்க வேண்டும். மூலத்தில் உள்ள எழுத்துவரிசை அப்படியே திரும்பி வராவிட்டால் பிரிப்பு தவறு. "மாசாத்து வாணிகன் மகனை யாகி" என்பதை 'மகனை', 'யாகி' என்று இரு சொல்லாக எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. அந்த 'ய்' சொல்லுக்கு உரியது இல்லை. இரண்டு உயிர்கள் சந்திக்கும்போது நடுவில் வந்த உடம்படுமெய். பிரித்தால் அதை எடுத்துவிட வேண்டும்: மகனை ஆகி. இங்கே 'ஐ' வேற்றுமை உருபும் இல்லை, பொருள் மகனாகி என்பதே. பக்கத்தில் ஒரு குறிப்பு இல்லாவிட்டால் வகுப்பில் பாதிப்பேர் செயப்படுபொருளைத் தேடுவார்கள்.

ஆனால் சேர்த்துப் பார்க்கும் சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது. 'சிறப்பினிமையவர்' என்பதைச் 'சிறப்பின் இமையவர்' என்றும் பிரிக்கலாம், 'சிறப்பு இனிமையவர்' என்றும் பிரிக்கலாம். இரண்டையும் விதிப்படி சேர்த்தால் ஒரே எழுத்துவரிசை. சீரும் கைகொடுக்காது, 'சிறப்பி னிமையவர்' என்ற பிளவு இரண்டுக்கும் பொது. பொருள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். புறாவின் துயரைத் தீர்த்த சோழனைக் கண்டு வியந்தவர்கள் இமையவர், அதாவது தேவர்கள். இனிமையவருக்கு அங்கே வேலையில்லை. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 53இலும் 54இலும் 'கடைமணி' வருகிறது. இரண்டையும் 'கடை மணி' என்றே பிரிக்கலாம். முதலாவது அரண்மனை வாயிலில் தொங்கும் மணி, இரண்டாவது பசுவின் கடைக்கண்ணில் உள்ள மணி. சரியாகப் பிரித்தாலும் பொருள் தானாக வந்துவிடாது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது 60ஆம் வரியின் முடிவு. 'நின்னகர்ப் புகுந்தீங்கு என்காற் சிலம்பு' என்ற இடத்தில் ஈங்கு + என்காற் சேர்ந்து 'ஈங்கென்காற்' ஆகும். சீரை மட்டும் பார்த்து அச்சிட்டால் ஒரு வரி 'புகுந்தீங்' என்று முடிந்து, அடுத்த வரி 'கென்காற்' என்று தொடங்கும். சொல் இரண்டு வரிகளில் பிளந்து கிடக்கும். ஆராய்ச்சிக்கு அது சரி. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு 'கென்காற்' என்றொரு சொல் அகராதியில் அகப்படாது. ஆகவே வகுப்புக்கு நான் சொல்லும் வழி, ஒவ்வோர் அடியையும் இரண்டு முறை அச்சிடுவது. மேலே ஓசைக்கு, கீழே பொருளுக்கு:

60 சூழ்கழல் மன்னா நின்னகர்ப் புகுந்தீங்
சூழ் கழல் மன்னா நின் நகர்ப் புகுந்து ஈங்கு

61 கென்காற் சிலம்புபகர்தல் வேண்டி நின்பாற்
என் கால் சிலம்பு பகர்தல் வேண்டி நின் பால்

கீழ்வரியில் ஆறேழு சொற்கள் இருக்கிறதே, நான்கு சீர் எங்கே என்று யாராவது கேட்டால் மேல்வரியைக் காட்டலாம். எண் மேல்வரிக்கு மட்டும்தான். சொல் பிரிக்கும்போது வரி நீளும், மடங்கும். அதற்கெல்லாம் எண் கொடுத்தால் உங்கள் 61 வேறு, நூலகப் பதிப்பின் 61 வேறு என்று ஆகிவிடும். பாடப்பகுதி 50இல் தொடங்கினால் 50 என்றே போடுங்கள், ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம்.

பாட்டைப் பிரித்தால் அதன் புனிதம் கெடும் என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பக்திப் பாடல்களில் இன்னும் அதிகம். மர்ரே எஸ். ராஜம் 1950களில் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் அச்சிட்டபோது எதுவும் கெட்டுவிடவில்லை, படிப்பவர்கள்தான் கூடினார்கள். சீரும் சொல்லும் அடுத்தடுத்து இருக்கும் மின்பதிப்பு ஒன்றை எல்லாக் காப்பியங்களுக்கும் செய்ய ஆகும் செலவு ஒரு மாநாட்டுப் பந்தலுக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும். பந்தலுக்குப் பணம் கிடைக்கிறது.

கடைசியாகப் பத்தி பிரிப்பு. ஆசிரியப்பாவில் இயல்பாகப் பத்தி கிடையாது. காதை முழுவதும் ஒரே ஓட்டம். பத்தி நாம் வகுப்புக்காகப் போடுவது, பொருள் முடியும் இடத்தில். கண்ணகியின் பேச்சில் பொருள் முதலில் முடிவது ஊர்ப்பெயரைச் சொல்லும் இடத்தில்: "பெரும்பெயர்ப் புகாரென் பதியே அவ்வூர்". பிரச்சினை கண்ணில் படுகிறதா? 'பதியே' என்று மூன்றாம் சீரில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. 'அவ்வூர்' அடுத்த வாக்கியத்தின் முதல் சொல். வரியின் நடுவில் பத்தி முடிகிறது. 'அவ்வூர்' என்பதைக் கீழே இறக்கினால் 56இல் மூன்று சீரும் 57இல் ஐந்து சீரும் ஆகும், ஏசா – மாசாத்து எதுகையும் போகும். மேல்வரியைத் தொடவே கூடாது. கீழே சொல் பிரித்த வரியில் 'பதியே' என்பதற்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, இரண்டாம் பத்தியின் தலைப்பில் '56, நான்காம் சீர் முதல்' என்று எழுதிவிட்டால் போதும். கேள்வித்தாளில் மேற்கோள் காட்ட வேண்டி வந்தால் 56அ, 56ஆ என்று குறிக்கலாம்.