60க்கு 40: விலை ஏறினால் விற்கச் சொல்லும் கணக்கு

2020 ஜனவரி 1 அன்று ஒருவர் 10 லட்சம் ரூபாயை இப்படிப் பிரித்துப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளைக் கொண்ட நிப்டி குறியீட்டை அப்படியே பின்தொடரும் நிப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 6 லட்சம், மதிப்பு அதிகம் ஏறி இறங்காத லிக்விட் ஃபண்டில் 4 லட்சம். மொத்தப் பணத்தில் பங்குகளின் விகிதம் 60 சதவீதத்திலிருந்து 5 சதவீதப் புள்ளி விலகினால் மீண்டும் 60க்குக் கொண்டுவர வேண்டும். அவர் வைத்துக்கொண்ட விதி இவ்வளவுதான். அன்று நிப்டி 12,182. வட்டியையும் செலவையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

மார்ச் 12 அன்று நிப்டி 9,590இல் முடிந்தது. அவருடைய 6 லட்சம் 4.72 லட்சமாகிவிட்டது. மொத்தம் 8.72 லட்சம், அதில் பங்கு 54 சதவீதம். விதிப்படி லிக்விட் ஃபண்டிலிருந்து சுமார் 51,000 ரூபாய் எடுத்து நிப்டியில் போட வேண்டும். ஊரே பயந்து விற்கிற நாளில் இவர் வாங்குகிறார். தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை. விலை விழுந்தால் அதன் விகிதம் குறையும், விகிதத்தைச் சரிசெய்ய வாங்கித்தான் ஆக வேண்டும்.

வாங்கிய கையோடு சந்தை இன்னும் விழுந்தது. மார்ச் 23 அன்று 7,610. மறுபடியும் 54 சதவீதம், மறுபடியும் 43,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் விதியைக் கைவிடுவது இந்த இரண்டாம் முறையில்தான் என்று நினைக்கிறேன். முதல் முறை வாங்கியதே நஷ்டத்தில் கிடக்கும்போது கை எப்படி வரும்?

ஏப்ரல் 29 அன்று நிப்டி 9,553. இப்போது பங்கு 65 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, அதனால் சுமார் 47,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். மார்ச் 12ஐ விட நிப்டி ஒரு துளி கீழேதான் இருக்கிறது. ஆனால் இவரிடம் 8.81 லட்சம் இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் 8.70 லட்சம்தான். நடுவில் சந்தை இறங்கி ஏறியதுதான் அந்த 11,000 ரூபாயைக் கொடுத்தது.

சரி, விற்றது நல்லதா? டிசம்பர் இறுதியில் நிப்டி 13,981. ஏப்ரலில் விற்ற 47,000 ரூபாய் நிப்டியிலேயே இருந்திருந்தால் 69,000 ஆகியிருக்கும். விலை ஏறிக்கொண்டே போனால் இந்த விதி எப்போதும் சீக்கிரமாக விற்றுவிடும். அடி எது, உச்சி எது என்று அதற்குத் தெரியாது. விலை போய்த் திரும்பி வந்தால்தான் அதற்கு லாபம்.

விற்றால் மூலதன ஆதாய வரி வேறு வரலாம். அதனால் மாதச் சேமிப்பு உள்ளவர்கள் விற்பதற்குப் பதில், புதுப் பணத்தை விகிதம் குறைந்த பக்கம் போட்டே பாதி வேலையை முடித்துவிடலாம்.

இதையே ஒரே ஒரு கம்பெனியின் பங்கை வைத்துச் செய்து பார்க்க வேண்டாம். அந்தக் கம்பெனி திவாலை நோக்கிப் போனால், விதி ஒவ்வொரு இறக்கத்திலும் உங்கள் லிக்விட் ஃபண்டை எடுத்து அதிலேயே கொட்டிக்கொண்டிருக்கும்.