கன்னத்தைக் குத்தும் பல் கம்பி: வீட்டில் செய்ய வேண்டியதும் காத்திருக்கக் கூடியதும்

பல் சீரமைப்புக்காகக் கிளிப் போட்ட முதல் சில மாதங்களில், கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் கம்பியின் நுனி நீண்டு வந்து கன்னத்தைக் குத்துவதுண்டு. கம்பி உடைந்துவிட்டதோ என்று பலரும் பதறுகிறார்கள். பெரும்பாலும் அது சிகிச்சை சரியாக நடப்பதன் விளைவுதான். நெருக்கியடித்து முன்னும் பின்னுமாக நிற்கும் பற்களின் மேல் வளைந்து வளைந்து சென்ற நிக்கல்-டைட்டானியம் கம்பி, பற்கள் வரிசைக்கு வர வர நேராகிறது. வளைவுகளில் அடங்கியிருந்த நீளம் கடைசிப் பல்லில் ஒட்டிய சிறு உலோகக் குழாய் வழியாகப் பின்பக்கம் வெளியேறுகிறது. ஒரு பக்கம் மட்டும் குத்தினால், கம்பி முழுவதுமே அந்தப் பக்கமாக நகர்ந்திருக்கவும் கூடும். அப்போது மறுபக்கக் கடைசிக் குழாய் காலியாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரவில் குத்தத் தொடங்கினால், பல் கிளிப்புக்கென்றே உள்ள மெழுகே முதல் உதவி. கைகளைக் கழுவிவிட்டு, குத்தும் இடத்தை டிஷ்யூ தாளால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள்; ஈரத்தில் மெழுகு ஒட்டாது என்பதால் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. பட்டாணி அளவு மெழுகை உருட்டி, நுனி முழுவதும் மறையுமாறு அழுத்துங்கள். உராய்வு நின்றுவிட்டால் கன்னத்துப் புண் சில நாட்களில் தானே ஆறிவிடும். பல்லின் மேல் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் சிறு பிராக்கெட்டைச் சுற்றிக் கட்டிய மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், சுத்தமான பென்சில் ரப்பரால் அதைப் பற்களின் பக்கமாக மெல்ல மடக்கிவிடலாம். கம்பியை வெட்டுவது கடைசி வழி: மெழுகு நிற்காமல், மருத்துவரையும் உடனே காண முடியாதபோது மட்டும், சுத்தம் செய்த நகவெட்டியால் நுனியை நறுக்கலாம். வெட்டுண்ட துண்டு தொண்டைக்குள் போய்விடாமல் டிஷ்யூவால் நுனியைப் பிடித்துக்கொள்வது கட்டாயம்.

பிராக்கெட் கழன்றால் அவசரம் இன்னும் குறைவு. பல்லோடு ஒட்டியிருந்த பசைதான் விட்டிருக்கும். பிராக்கெட் கம்பியில் தொங்கியபடி சுழலும். மெழுகால் அதை அசையாமல் நிறுத்திவிட்டு, மருத்துவமனை திறந்ததும் தகவல் சொன்னால் போதும். சில நாட்கள் தாமதம் பாதிக்காது. வாரக்கணக்கில் விட்டால், பிடிப்பை இழந்த அந்தப் பல் மட்டும் வரிசையிலிருந்து பின்தங்கும். வீட்டில் இருக்கும் பசையால் ஒட்ட முயல வேண்டாம். அது வாய்க்குள் பயன்படுத்தத் தக்கதன்று.

காத்திருக்கக் கூடாதவை வேறு. முகமோ ஈறோ வீங்கிக் காய்ச்சல் வருவது, அடிபட்டுப் பல் ஆடுவது, கம்பி சதைக்குள் புதைந்து வெளியே வராதது ஆகியவற்றுக்கு அன்றே சிகிச்சை வேண்டும். கழன்ற துண்டு தொண்டைக்குள் போன பிறகு விடாத இருமலோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், துண்டு மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். பல் மருத்துவரைத் தேடாமல் நேராக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.